கேக் வறண்டு உதிர்கிறதா? சர்க்கரைப் பாகு தடவுங்கள்

கால் கப் சர்க்கரையைக் கால் கப் தண்ணீரில் கரைத்து, ஒரு கொதி வந்ததும் இறக்குங்கள். பாகு வெதுவெதுப்பானதும், கேக்கின் மேல் பல்குச்சியால் ஆங்காங்கே குத்தி, பிரஷ்ஷால் கொஞ்சம் கொஞ்சமாகத் தடவுங்கள். அப்புறம் அரை மணி நேரம் மூடி வைத்தால் போதும். வெறும் தண்ணீர் வேண்டாம், கேக் நசநசத்துவிடும். பாகில் உள்ள சர்க்கரை ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

ஓரம் கருத்து இறுகியிருந்தால் அதிக நேரம் வெந்துவிட்டது என்று அர்த்தம். ஓரத்தை மெல்லியதாகச் சீவிவிட்டுப் பாகு தடவினால் நன்றாகவே சரியாகும். அடுத்த முறை, குச்சியில் மாவாக இல்லாமல் ஓரிரு ஈரத் துணுக்குகள் மட்டும் ஒட்டும்போதே வெளியே எடுத்துவிடுங்கள்.

நிறம் சரியாக இருந்தும் கேக் கனமாக, மாவு மாவாக இருந்தால் மைதா கூடியிருக்கும். இதற்குப் பாகு உதவாது, களிபோல் ஆகிவிடும். உதிர்த்து, கஸ்டர்டும் பழமும் அடுக்கிப் பரிமாறுவதுதான் நல்லது. மைதா அளக்கும்போது கப்பை மாவுக்குள் விட்டு அள்ளினால் ஒரு கப்பில் 150 கிராம்கூட ஏறும். கரண்டியால் போட்டு வழித்தால் சுமார் 125 கிராம்தான்.