பணிநீக்கக் கடிதத்துக்கு எழுதிய பதில்

"செயல்பாடு திருப்தியில்லை, இன்றுடன் பணி முடிகிறது" என்று ஒரே வரியில் கடிதம். பதிலில் கோபத்தை விட்டுத் தேதிகளை வைத்தேன்: சேர்ந்த நாள், பணி உறுதியான நாள், கடைசி ஊதிய உயர்வு. மெமோவும் இல்லை, விசாரணையும் இல்லை என்பது தனி வரி. எந்தச் சம்பவம், என்ன ஆதாரம் என்று எழுத்தில் காரணம் கேட்டேன்.

தமிழ்நாடு கடைகள், நிறுவனங்கள் சட்டம் 1947, பிரிவு 41-இன்படி ஆறு மாதம் தொடர்ந்து வேலை பார்த்தவரை நியாயமான காரணமில்லாமல் நீக்க முடியாது. ஒரு மாத நோட்டீஸோ அதற்கான சம்பளமோ தர வேண்டும். மேல்முறையீட்டுக்குக் கெடு 30 நாள். நிர்வாகத்தின் பதிலுக்காகக் காத்திருந்தாலும் அந்தக் கெடு ஓடிக்கொண்டேதான் இருக்கும். பலர் கோட்டை விடுவது இங்கேதான்.

கடைசி வரி: "இந்த நீக்கத்தை ஏற்கவில்லை, நிலுவைத் தொகையைப் பெற்றாலும், சட்டப்படி எதிர்க்கும் உரிமையைக் கைவிடவில்லை." மின்னஞ்சலிலும் ஸ்பீட் போஸ்ட்டிலும் அனுப்பி, ரசீதைப் பத்திரப்படுத்தினேன். நோட்டீஸ் சம்பளமும் எழுத்தில் காரணமும் வந்தன.