“நம்பர் கொடுங்கள் ஆச்சி” என்று கேட்கும் முகமறியாதவருக்குப் பொதுவில் மறுப்பு எழுதுவது எப்படி?

செட்டிநாட்டு வீட்டுப் பழம்பொருட்களைப் படமெடுத்து ஃபேஸ்புக்கில் போடுகிறவர்களுக்கு இந்தக் கேள்வி தப்பாமல் வந்துவிடுகிறது. எனாமல் அடுக்குத் தூக்கு, ஊறுகாய் ஜாடி, தேக்குக் கதவு என எதைப் போட்டாலும் கீழே ஒருவர் நம்பர் கேட்கிறார். முதன்முறையாகப் பதில் எழுதப் போகிறவர்களுக்காக, தேவகோட்டைப் பக்கத்து ஆச்சி ஒருவருக்கு வந்ததைப் போன்ற ஒரு கேள்வியை எடுத்துக்கொண்டு படிப்படியாகச் சொல்கிறேன். படத்தில் இருப்பது ஒரு ஜாடி. கேள்வி இது:

“ஆச்சி, நானும் நம் ஆட்கள்தான். ஜாடி அருமை. விற்பனைக்கா? நம்பர் கொடுங்கள், பேசுவோம். நீங்கள் எந்த ஊர், எந்தக் கோயில்?”

படி 1: என்னென்ன கேட்டிருக்கிறார் என்று பிரித்துப் பாருங்கள்

உடனே பதில் எழுத வேண்டியதில்லை. இதில் இருப்பது மூன்று கேள்விகள். ஜாடி விற்பனைக்கா என்பது நேர்மையான கேள்வி. அதற்குப் பதில் சொல்லலாம். நம்பர் வேண்டும் என்பது இரண்டாவது. எண் ஒன்று கிடைத்தால் வாட்ஸ்அப் படம் தெரியலாம். பணம் அனுப்பும் செயலியில் அந்த எண்ணைத் தட்டினால் வங்கிக் கணக்கில் உள்ள பெயரும் பெரும்பாலும் தெரிந்துவிடும்.

மூன்றாவதுதான் நம் ஊரில் யாரும் சந்தேகிக்காத கேள்வி. ஊரும் கோயிலும் கேட்பது நகரத்தார் வீடுகளில் மரியாதையான அறிமுகம். திண்ணையில் உட்கார்ந்தவரிடம் நாமே கேட்போம். ஆனால் நகரத்தார் கோயில்கள் மொத்தம் ஒன்பதுதான். இளையாத்தங்குடியா, பிள்ளையார்பட்டியா, மாத்தூரா என்பதோடு ஊர்ப் பெயரையும் சேர்த்துவிட்டால், மிஞ்சுவது அந்த ஊரில் அந்தக் கோயிலைச் சேர்ந்த வீடுகள் மட்டும். அதன்மேல் குடும்பத்துக்கு அடையாளமாகப் பெயருக்கு முன்னால் போடும் வீட்டு விலாசத்தின் இரண்டு எழுத்துகள் கிடைத்தால் போதும், கடைத்தெருவில் விசாரித்து வாசலுக்கே வந்துவிடலாம். ஆகவே எண்ணை மறுத்துவிட்டுக் கோயிலைச் சொன்னால் மறுத்ததாகவே ஆகாது. படத்தையும் ஒருமுறை பெரிதாக்கிப் பாருங்கள்: முகப்பில் விலாசப் பலகையோ கதவு எண்ணோ தெரிந்தால் அந்தப் பகுதியை வெட்டிவிட்டுப் படத்தை மறுபடி போடுங்கள்.

படி 2: கைக்கு முதலில் வரும் பதிலை அனுப்பாதீர்கள்

நல்ல மனதுள்ள ஆச்சி முதலில் எழுதுவது பெரும்பாலும் இப்படி இருக்கும்:

“வணக்கம் தம்பி. இப்போது சென்னையில் மகள் வீட்டில் இருக்கிறேன். பொங்கலுக்குத்தான் ஊருக்கு வருவோம். மகனிடம் கேட்டுவிட்டு நம்பர் தருகிறேன்.”

பணிவான பதில்தான். ஆனால் எண்ணைவிடப் பெரிய செய்தியை இது கொடுத்துவிட்டது: வீடு பூட்டிக் கிடக்கிறது, பொங்கல் வரை யாரும் வரமாட்டார்கள். பழம்பொருள் நிறைந்த வீட்டைப் பற்றி ஊர் உலகம் படிக்கும் இடத்தில் எழுதக் கூடாத வாக்கியம் இதுதான். அடுத்து, “கேட்டுவிட்டுத் தருகிறேன்” என்பது மறுப்பே அல்ல, தள்ளிப்போட்ட சம்மதம். நாளைக்கே “மகன் என்ன சொன்னார் ஆச்சி?” என்று திரும்பி வருவார்.

ஏன் தரமுடியாது என்று காரணம் சொல்வதே இந்த இக்கட்டுக்கு வேர். உடம்பு சரியில்லை என்றால் எப்போது சரியாகும் என்பார். வீட்டில் திட்டுவார்கள் என்றால் வீட்டுக்காரர் எண்ணைக் கேட்பார். காரணத்தை விட்டுவிடுங்கள்.

படி 3: நான்கு வாக்கியத்தில் பதில்

“வணக்கம். பதிவைப் பார்த்ததற்கு நன்றி. ஜாடி விற்பனைக்கு இல்லை. தொலைபேசி எண்ணும் ஊர், வீட்டு விவரங்களும் யாருக்கும் தருவதில்லை. ஜாடியைப் பற்றிக் கேட்க வேண்டியதை இங்கேயே கேளுங்கள்.”

இதில் உயிர்ச்சொல் “யாருக்கும்”. “உங்களுக்குத் தரமுடியாது” என்றால் அவரைக் குற்றம் சாட்டியதுபோல் ஆகும். நான் அப்படிப்பட்டவன் இல்லை என்று வாதாட வருவார். எல்லாருக்கும் ஒரே வழக்கம் என்றால் வாதாட இடமில்லை, கௌரவமும் குறையவில்லை. “இப்போதைக்கு”, “பார்க்கலாம்” இரண்டையும் சேர்க்காதீர்கள். உண்மையிலேயே விற்கிறவராக இருந்தால், கடைக்கென்று தனியாக வைத்திருக்கும் எண்ணை மட்டும் சொல்லலாம். வங்கிக் கணக்கோடு சேர்ந்த சொந்த எண் அதற்கு ஆகாது.

“இன்பாக்ஸில் பேசுவோம்” என்றும் எழுதாதீர்கள். முன்பின் தெரியாதவர் அனுப்பும் செய்தி வழக்கமாகத் தனிப் பெட்டியில், கோரிக்கையாகக் காத்திருக்கும். நீங்கள் படித்தது அவருக்குத் தெரியாது. நீங்களே முதலில் எழுதினால் அந்தக் கதவு திறந்துவிடும். அதோடு, நாலு பேர் பார்க்கிறார்கள் என்ற கூச்சமும் அவருக்குப் போய்விடும்.

அவர் மெய்யாகவே உறவாக இருந்தால்? இருக்கட்டும். உறவுக்காரருக்கு நம் எண் தெரிந்த ஒருவரையாவது தெரியும். அவர் வழியாக வரட்டும். அந்தத் தெரிந்தவரும் எண்ணைக் கொடுக்குமுன் உங்களிடம் ஒரு வார்த்தை கேட்கட்டும்.

படி 4: மறுபடியும் கேட்டால்

“முன்பே சொன்னதுதான்” என்று ஒரே ஒரு முறை எழுதலாம். அதற்குமேல் பதில் வேண்டாம். மூன்றாம் முறையும் கேட்டால், முதலில் ஸ்கிரீன்ஷாட் எடுங்கள்: கேள்வி, உங்கள் மறுப்பு, தேதி மூன்றும் ஒன்றாகத் தெரிய வேண்டும். அவருடைய பக்க முகவரியையும் குறித்துக்கொள்ளுங்கள். அதன் பிறகு பிளாக் செய்யுங்கள். முந்திக்கொண்டு பிளாக் செய்துவிட்டால் அவர் பக்கம் உங்களுக்குத் திறக்காது.

இந்த ஸ்கிரீன்ஷாட் எதற்கு என்றால், பாரதிய நியாய சம்ஹிதாவின் 78ஆம் பிரிவுப்படி, விருப்பமில்லை என்று ஒரு பெண் தெளிவாகக் காட்டிய பிறகும் தனிப்பட்ட பழக்கத்துக்காக ஓர் ஆண் திரும்பத் திரும்பத் தொடர்புகொள்வது குற்றம். ஜாடி விலை கேட்பவர்மேல் இது பாயாது. ஆனால் பேச்சு ஜாடியிலிருந்து உங்கள் பக்கம் திரும்பி, விடாமல் தொடர்ந்தால், நீங்கள் பொதுவில் எழுதிய அந்தத் தெளிவான மறுப்பே ஆதாரம். “பார்க்கலாம் தம்பி” என்று எழுதியிருந்தால் அந்தத் தெளிவு இருக்காது.

படி 5: நம்மவரே எண்ணைப் போட்டுவிட்டால்

எல்லாவற்றையும் சரியாகச் செய்த பிறகும் பெரும்பாலும் இடறுவது இங்கேதான். உதவுவதாக நினைத்து அத்தை மகனோ பக்கத்து வீட்டுக்காரரோ கீழே எழுதுவார்: “அது நம் ஆச்சி வீடுதான், நம்பர் இதோ.”

அதை Hide comment கொடுத்து மறைத்தால் போதாது. மறைத்த பின்னும் எழுதியவருக்கும் அவருடைய நண்பர்களுக்கும் அது தெரியும். Delete கொடுத்து நீக்குங்கள். நீக்கினாலும், அதற்குள் அறிவிப்பாகப் போய்ச் சேர்ந்ததைத் திரும்பப் பெற முடியாது. ஆகவே அடுத்த சில நாட்களுக்குத் தெரியாத எண்ணிலிருந்து வரும் அழைப்பை எடுக்காதீர்கள், யார் கேட்டாலும் ஓடிபி சொல்லாதீர்கள். எழுதிய உறவினரைத் தொலைபேசியில் கூப்பிட்டுப் பேசுங்கள். அங்கேயே கண்டித்து எழுதினால், அது உங்கள் எண்தான் என்று நீங்களே உறுதிசெய்ததாகிவிடும்.

பணம் ஏதாவது போய்விட்டால் தாமதிக்காமல் சைபர் மோசடி உதவி எண்ணான 1930க்கு அழைத்துச் சொல்லுங்கள். தொந்தரவு தொடர்ந்தால் cybercrime.gov.in தளத்தில் புகார் பதியலாம். நான்காம் படியில் எடுத்துவைத்த ஸ்கிரீன்ஷாட்டையும் பக்க முகவரியையும் அங்கே இணைக்க வேண்டும்.