இரவு ரயிலில் பக்கத்து சீட்டுக்காரரோடு பேசுவது, தூக்கம் வந்ததும் மனம் நோகாமல் நிறுத்துவது

ராமேஸ்வரம், ராமநாதபுரம் பக்கமிருந்து ஸ்லீப்பரில் சென்னை போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். டிக்கெட், சாப்பாடு எல்லாம் உங்களுக்கே தெரியும், நேராகப் பேச்சுக்கு வருகிறேன்.

முதலில், "எதுவரைக்கும் போறீங்கண்ணே?" என்று கேளுங்கள். காரைக்குடியிலோ திருச்சியிலோ இறங்குகிறவர் ஸ்டேஷனைத் தவறவிடக் கூடாதே என்று முழித்திருப்பார், அவருக்குப் பேச்சுத்துணை வேண்டும். சென்னை வரை வருகிறவர் தானாகவே படுத்துவிடுவார்.

பேச விஷயம் தேட வேண்டாம். 2022 டிசம்பரில் பழைய பாம்பன் பாலத்தில் ரயில் நின்றது, 2025 ஏப்ரலில்தான் புதுப் பாலம் திறந்தார்கள். நடுவில் மண்டபத்துக்கோ ராமநாதபுரத்துக்கோ பஸ்ஸில் போய் ரயிலேறிய கதை தீவுக்காரர் எல்லாரிடமும் உண்டு. கடல் தொழில்காரர் என்றால் ஏப்ரல் 15 முதல் 61 நாள் தடைக்காலத்தில் என்ன செய்வார்கள் என்று கேட்கலாம். இலங்கைக் கடற்படை பிடித்துப்போன சங்கதியை மட்டும் நீங்களாக எடுக்காதீர்கள், வீட்டு ஆளே அங்கே சிறையில் இருக்கலாம்.

இனி நிறுத்துவது. பலரும் தடுமாறுவது இங்கேதான். கண் சொக்கிய பிறகு "தூக்கம் வருதுண்ணே" என்றால் அவர் பாதிக் கதையில் இருப்பார், முகம் சுருங்கிவிடும். அதனால் ராமநாதபுரம் தாண்டும்போதே, "மானாமதுரை வந்ததும் படுத்துருவேண்ணே, காலைல தாம்பரத்துல இறங்கி வேலைக்குப் போகணும்" என்று சொல்லி வையுங்கள். மணியைச் சொல்வதைவிட ஊரைச் சொல்வது மேல், ஏனென்றால் ஊர் வந்ததை அவரும் ஜன்னலில் பார்ப்பார்.

மானாமதுரையில் வண்டி நின்றதும் அவர் சொல்லிக்கொண்டிருப்பதை முடிக்க விட்டு எழுந்து நில்லுங்கள். உட்கார்ந்தபடி விடைபெற்றால் இன்னொரு கதை ஆரம்பிக்கும். திருச்சிக்காரர் என்றால், "உங்க போன்ல அலாரம் வச்சுத் தரட்டாண்ணே?" என்று கேளுங்கள். அவர் முழித்திருக்கும் காரணமே தீர்ந்துவிடும். அப்புறம், "நடு பெர்த்தைப் போட்டுரலாமா?" இரவு 10 முதல் காலை 6 வரை அதைப் போட்டுக்கொள்ள உங்களுக்கு உரிமை உண்டு, 10 மணிக்கு முன்னால் அது வேண்டுகோள்தான். அதைப் போட்டுவிட்டால் கீழே யாரும் நிமிர்ந்து உட்கார முடியாது, பேச்சும் தானாக அடங்கிவிடும். இதற்காகவே நான் நடு பெர்த் கேட்டு வாங்குவேன். பேச்சை நிறுத்த இயர்போன் மாட்டுவது எனக்குப் பிடிக்காது, வயசானவர்களுக்கு அது அவமரியாதையாகத் தெரியும்.

பின்சேர்க்கை: ஆர்.ஏ.சி.யில் சைடு லோயரை இரண்டு பேர் பகிர்ந்தால் என்ன செய்வது என்று சிலர் கேட்டார்கள். அங்கே போட நடு பெர்த் கிடையாது. "நீங்க முதல்ல காலை நீட்டிக் கொஞ்சம் கண்ணசருங்க, விருதாச்சலம் வந்ததும் நான் நீட்டிக்கிறேன்" என்று முறை பேசிக்கொள்ளுங்கள். டி.டி.இ. வந்தால் பெர்த் ஏதும் காலி விழுந்ததா என்று இரண்டு பேருக்கும் சேர்த்தே கேளுங்கள்.