பாமினியை யூனிகோடாக்கும் முன் ஆங்கிலச் சொற்களுக்கு எண் கொடுங்கள்

தமிழும் ஆங்கிலமும் கலந்த பாமினி எழுத்துருக் கோப்பை யூனிகோடாக மாற்றுமுன், வேர்டில் நகல் எடுத்து `Ctrl+H` அழுத்துங்கள். தேடும் கட்டத்துக்கு `Format > Font` வழியாக ஆங்கில எழுத்துருவை (பெரும்பாலும் `Times New Roman`) மட்டும் குறிப்பிடுங்கள். எடுத்துக்காட்டாக, `word` என்பதை 9001, `file` என்பதை 9002 என மாற்றுங்கள். அந்த எண்கள் கோப்பில் வேறெங்கும் இருக்கக் கூடாது. அதே எழுத்துருவிலுள்ள `,` குறியை `>` ஆக்குங்கள். யூனிகோடான பிறகு எண்களைச் சொற்களாகத் திருப்புங்கள்.

பாமினியில் தமிழெழுத்துகள் ஆங்கில விசைகளின் இடத்தில்தான் உட்கார்ந்திருக்கின்றன. யூனிகோடாக மாற்றும் கருவி எழுத்துருவைப் பார்ப்பதில்லை. அதனால் `word` என்பது 'றழசன' ஆகும், காற்புள்ளி 'இ' ஆகும். ஒரு சொல்லுக்குப் பின்னால் காரணமில்லாமல் 'இ' ஒட்டிக்கொண்டிருந்தால் இதுதான் நடந்திருக்கிறது. எண்களும் முற்றுப்புள்ளியும் மாறுவதில்லை. பாமினியின் `>` காற்புள்ளியாகவே வெளிவரும்.

பிடிஎஃப்பிலிருந்து நகலெடுத்து வெறும் உரையாக ஒட்டியதற்கு இது உதவாது. அதில் எழுத்துரு விவரமே இருக்காது, வரிகளும் முன்பின்னாகியிருக்கலாம். மூல வேர்டு கோப்பையே கேட்டு வாங்குங்கள்.