கேஸ் கீசர் டிக்‌டிக் என்கிறது, பற்றவில்லை

குழாயைத் திறந்ததும் டிக்‌டிக் சத்தம் வந்தால், பொறியைத் தொடங்கி வைக்கும் மைக்ரோ சுவிட்சை அழுத்தும் அளவுக்காவது தண்ணீர் வருகிறது. சத்தமே இல்லாவிட்டால் தண்ணீர் நுழையும் இடத்து வலை வடிகட்டியைக் கழற்றிக் கழுவ வேண்டும். விட்டுவிட்டுச் சத்தம் வந்தாலும் முதலில் அதையே பாருங்கள்.

என் கீசரில் சத்தம் மெதுவாகவும் மந்தமாகவும் வந்தது. உள்ளே இரண்டு பெரிய 1.5 வோல்ட் செல்கள். பலவீனமான செல் பொறியை உண்டாக்கினாலும், கேஸ் வால்வை இழுத்துத் திறக்கும் சோலனாய்டுக்கு அதன் மின்சாரம் போதாது. அதனால் சத்தத்தை நம்பி செல் நன்றாக இருக்கிறது என்று முடிவு செய்யாதீர்கள். இரண்டையும் சேர்த்தே மாற்றினேன், ஆல்கலைன் செல்லாக. பச்சை படிந்த முனைகளையும் சுரண்டினேன்.

இப்போது சத்தம் வேகமானது, ஆனால் தீ தாமதமாக 'டப்' என்று பிடித்தது. இது ஆபத்தான அறிகுறி: பொறி முனைக்கு அருகே உள்ள பர்னர் துளைகள் அடைத்திருந்ததால், கேஸ் தேங்கிய பிறகே பற்றியது. சிலிண்டரை மூடி, தண்ணீரையும் நிறுத்தி, செல்லைக் கழற்றி, கீசரின் மூடியை எடுத்துக் காய்ந்த பிரஷால் துளைகளைத் துடைத்தேன். கேஸ் வெளிவரும் நாசிலில் சிலந்தி வலை இருந்தது. அதில் ஊசி விடக்கூடாது, துளை அகன்றுவிடும்.

பூட்டியதும் சோப்பு நீர் தடவிக் கசிவு பார்த்தேன். தீ நீலமாக, உடனே பிடித்தது.