கல்லாவும் பேங்கும் ஒத்துப்போகாதபோது: கடைக்காரருக்கு மெயில் எழுதுகையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

செங்கோட்டையில் பாத்திரக்கடை, பலசரக்குக்கடை என்று பத்துப் பன்னிரண்டு கடைகளுக்குக் கணக்கு பார்க்கிறேன். என்னிடம் புதிதாக வேலைக்கு வரும் பிள்ளைகள் எல்லோரும் முதல் மாதத்தில் ஒரே மாதிரி ஒரு மெயில் எழுதுகிறார்கள். கடைக்காரர் கேட்ட கேள்வி எளிது: "பில் மெஷினில் இவ்வளவு வியாபாரம் காட்டுது, பேங்கில் ஏன் அவ்வளவு ஏறலை?" பதில் மட்டும் கோணலாகப் போய்விடுகிறது. நானும் அப்படித்தான் எழுதினேன், அதனால்தான் அந்த மெயிலைப் பார்த்தாலே எரிச்சல் வருகிறது. கூட்டல் பிழை, தேதி மாறிப்போவது போன்றவற்றை இங்கே விட்டுவிடுகிறேன். அவை தானாகவே மாட்டிக்கொள்ளும்.

வித்தியாசத்தை ஒரே தொகையாக எழுதுவது

போன மாதம் ஒரு பையன் பாத்திரக்கடை அண்ணாச்சிக்கு அனுப்ப இருந்த மெயிலைப் பார்த்தேன். "சனிக்கிழமை விற்பனை ரூ.64,300. திங்கட்கிழமை வரை பேங்கில் வந்தது ரூ.62,245.12. ரூ.2,054.88 குறைகிறது. பேங்க் கட்டணம் முதலியன." அவ்வளவுதான். கூட்டல் கழித்தல் எல்லாம் சரி. ஆனால் மெயில் சொல்லும் விஷயம் தவறு.

அந்தச் சனிக்கிழமையைப் பிரித்துப் பார்ப்போம். விற்பனையில் ரொக்கம் 27,500, யுபிஐ 21,800, கார்டு 12,000, பற்று 3,000. ஞாயிறு கடை லீவு.

யுபிஐ பணம் முழுதாக வந்துவிட்டது. கார்டு முழுதாக வராது. அந்தக் கடையின் ஸ்வைப் மெஷினுக்கு கிரெடிட் கார்டு கமிஷன் 1.8 சதவீதம், அதாவது 216 ரூபாய். அந்தக் கமிஷன் மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி, 38.88. இரண்டையும் பிடித்துக்கொண்டு 11,745.12 வந்தது. பற்று 3,000 பேங்குக்கு வரவே வராது, வாடிக்கையாளர் கொடுக்கும்போதுதான் வரும்.

ரொக்கத்தில்தான் கதை இருக்கிறது. லோடு இறக்கிய கூலிக்கும் டீக்கும் கல்லாவிலிருந்து 1,800 போயிருக்கிறது. திங்கட்கிழமை காலைச் சில்லறைக்கு 2,000 தனியாக எடுத்து வைத்திருக்கிறார்கள். மாலையில் ஆரியங்காவிலிருந்து வந்த ஒருவர் பழைய பாக்கி 5,000 கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். அது அன்றைய விற்பனை இல்லை, ஆனால் அதே கல்லாவில் விழுந்திருக்கிறது. எனவே 27,500 கட்ட வேண்டிய இடத்தில் 28,700 கட்டினார்கள்.

பற்று 3,000, கூலி 1,800, சில்லறை 2,000, கார்டு பிடித்தம் 254.88. கூட்டினால் 7,054.88. அதிலிருந்து பாக்கி வசூல் 5,000 கழித்தால் 2,054.88. ஒரே தொகையாக எழுதினால் இந்த ஐந்தும் ஒன்றையொன்று மூடிக்கொள்கின்றன. அண்ணாச்சி "ரெண்டாயிரம்தானே, போகட்டும்" என்று நினைப்பார். 'பேங்க் கட்டணம் முதலியன' என்று எழுதியதில் பேங்க் பிடித்ததோ 254 ரூபாய் 88 காசுதான்.

இதில் எனக்கு ஏன் இவ்வளவு கோபம் என்றால், நான் பட்டிருக்கிறேன். தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு கடையின் மாதக் கணக்கில் வித்தியாசம் ஆயிரத்துச் சொச்சம் வந்தது. "பேங்க் கமிஷன்" என்று ஒரே வரியில் எழுதி அனுப்பினேன். உண்மையில் அந்த மாதம் பற்று விற்பனை முப்பத்தாறாயிரத்துக்கு மேல். கிட்டத்தட்ட அதே அளவுக்குப் பழைய பாக்கி வசூலாகியிருந்தது. ஒன்று இறக்கியது, ஒன்று ஏற்றியது, மொத்தத்தில் சின்னத் தொகை மிஞ்சியது. வசூலை யாரும் பற்றுப் புத்தகத்தில் வரவு வைக்கவில்லை. புதுப் பற்றும் யார் பெயரிலும் ஏறவில்லை. வித்தியாசம் சின்னதாக இருந்ததால் நானும் தேடவில்லை.

மூன்று மாதம் கழித்துக் கடைக்காரர் ஆரியங்காவு பக்கம் டீக்கடை வைத்திருந்த ஒருவரிடம் போய்ப் பாக்கி கேட்டிருக்கிறார். அவர் பணம் கொடுத்து வாங்கிய துண்டுச்சீட்டை எடுத்து மேஜையில் வைத்தாராம். அதன்பின் அவர் அந்தக் கடைப் படி ஏறவில்லை. பற்று வாங்கியவர்களில் சிலரோ, கேட்க ஆள் இல்லாததால் கொடுக்கவே இல்லை. எனக்குத் திட்டும் கிடைத்தது, நியாயமான திட்டு.

அதனால் வித்தியாசம் பத்து ரூபாய் வந்தாலும் வரி வரியாக எழுதுங்கள். குறைத்தவை ஒருபுறம், கூட்டியவை ஒருபுறம். பையனை உட்கார வைத்து இப்படி மாற்றி எழுத வைத்தேன்:

"அண்ணாச்சிக்கு வணக்கம். சனிக்கிழமை விற்பனைக்கும் பேங்கில் வந்ததற்கும் 2,054.88 வித்தியாசம். காணாமல் போன பணம் எதுவும் இல்லை. பற்று 3,000 (சீட்டு இரண்டு இருக்கிறது, பெயர் கீழே எழுதியிருக்கிறேன்), கூலியும் டீயும் 1,800, கல்லாவில் வைத்த சில்லறை 2,000, கார்டு பிடித்தம் 254.88. இவற்றின் கூட்டல் 7,054.88. பழைய பாக்கி வசூல் 5,000 அன்றே கட்டிய பணத்தில் சேர்ந்துவிட்டது. அதைக் கொடுத்தவர் பெயரில் வரவு வைத்துவிட்டேன். கூலிக்கு 600 ரூபாய் வவுச்சர் மட்டும் கிடைக்கவில்லை, கடைப் பையனிடம் கேட்டுச் சொல்லுங்கள்."

கடைசி வரியைக் கவனியுங்கள். விளக்க முடிந்ததையும் இன்னும் ஆதாரம் கிடைக்காததையும் பிரித்துச் சொல்ல வேண்டும். ஆதாரம் இல்லாத 600ஐயும் 'செலவு' என்று முடித்துவிட்டால் அடுத்த மாதம் அது 6,000 ஆகும்.

'குறைகிறது' என்ற சொல்

எழுதாதீர்கள். கடைக்காரர் உடனே கல்லாவில் உட்காரும் பையனைத்தான் பார்ப்பார்.

பேங்கில் வந்த தொகையையே விற்பனையாக எழுதுவது

கணக்கு ஒத்துப்போகட்டும் என்று கார்டு விற்பனையை 12,000க்குப் பதில் 11,745.12 என்று திருத்திவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். ஜிஎஸ்டி கட்ட வேண்டியது முழு 12,000க்கான பில்லுக்குத்தான். பேங்க் பிடித்துக்கொண்டது கடையின் செலவு, விற்பனையில் தள்ளுபடி இல்லை. திருத்தினால் விற்பனை குறைத்துக் காட்டியதாகிவிடும். கமிஷன் மேல் கட்டிய 38.88க்கான உள்ளீட்டு வரி வரவும் கணக்கில் ஏறாமல் போகும். காம்போசிஷன் திட்டத்தில் இருக்கும் கடைக்கு அந்த வரவு கிடையாது, அது வேறு விஷயம்.

தேதியோடு தேதியைப் பொருத்துவது

சனிக்கிழமை விற்பனையைச் சனிக்கிழமை பேங்க் வரவோடு ஒப்பிட்டால் எந்தக் கடையும் ஒத்துப்போகாது. இரண்டாம், நான்காம் சனிக்கிழமை பேங்க் கிடையாது. நம் பக்கம் இன்னொரு சிக்கல்: சில கடைக்காரர்களுக்குக் கணக்கு இன்னும் புனலூர் கிளையில் இருக்கிறது. ஓணத்துக்கு அங்கே கிளை மூடியிருக்கும், தென்காசியில் திறந்திருக்கும். இங்கே அந்த வாரம்தான் மலையாள வாடிக்கையாளர் கூட்டம், ரொக்கம் கல்லாவிலேயே தேங்கும். மெயிலில் "இந்த ரொக்கம் இந்தத் தேதியில் கட்டியது" என்று ரசீது தேதியோடு எழுதினால் போதும்.

எக்செல் கோப்பை மட்டும் இணைத்து அனுப்புவது

அண்ணாச்சி போனில் திறக்க மாட்டார்.