20 பங்குக்கு மேல் சேர்ப்பதில் பயன் குறைவு

கையில் வெவ்வேறு துறைகளைச் சேர்ந்த 20 பங்குகள் இருந்தால், ரிஸ்க்கைக் குறைக்கவென்று 21-வதைத் தேடாதீர்கள்.

n பங்குகளில் சம அளவில் பணம் போட்டால் மொத்த மாறுபாடு σ²/n + (1 − 1/n)ρσ²; அதன் வர்க்கமூலம்தான் மொத்த ஏற்ற இறக்கம். ஒவ்வொரு பங்கின் ஏற்ற இறக்கமும் (σ) 30%, பங்குகள் எவ்வளவு சேர்ந்து ஏறி இறங்குகின்றன என்பதைச் சொல்லும் ஒட்டுறவு (ρ) 0.3 என்று வையுங்கள். 5 பங்கில் மொத்த ஏற்ற இறக்கம் 19.9%, 20-ல் 17.4%, 40-ல் 16.9%. எத்தனை சேர்த்தாலும் 16.4%-க்குக் கீழே போகாது. கரைவது ஒரு கம்பெனிக்கு மட்டும் வரும் ரிஸ்க். ஆலை தீப்பிடிப்பது, கணக்கில் மோசடி போன்றவை. வட்டி உயர்வு, மந்தநிலை எல்லாப் பங்கையும் சேர்த்தே அடிப்பதால் அந்த ரிஸ்க் அப்படியே நிற்கும். அதைக் குறைக்கப் பங்குகளின் எண்ணிக்கை உதவாது. கடன் பத்திரமோ தங்கமோ வேண்டும்.

இருபதும் வங்கிப் பங்குகளாக இருந்தால் இந்தக் கணக்கு செல்லாது. ஒட்டுறவு 0.7 ஆனால் 20 பங்கிலும் 25.4%தான். பீதி நாட்களிலும் அப்படியே: 2020 மார்ச் 23 அன்று நிஃப்டி சுமார் 13% விழுந்தபோது துறை வித்தியாசம் பெரிதாகக் காப்பாற்றவில்லை.